சிறுகதை வரைவு: ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. அச்சு வேலை தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லவும்

மேசைவிளக்கு எழுதியது:

வணக்கம். ஒரு கிராமத்து அச்சுக்காரரைப் பற்றி கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் 1987. ஈய எழுத்துகளைக் கையால் அடுக்கி, காலால் மிதிக்கிற டிரெடில் மெஷினில் அடிக்கிற சின்ன அச்சகம். நான் அந்த வேலை செய்தவன் இல்லை, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன். கதையின் நடுப்பகுதியை மட்டும் கீழே போடுகிறேன். இரவில் அவர் பிழையைக் கண்டுபிடிக்கிற இடமும் அதைச் சரி செய்கிற இடமும் நம்பும்படி இருக்கிறதா?

> பையன் விளக்கு வைக்கும் நேரத்துக்கே போய்விட்டான். அடுக்கி முடித்த எழுத்துப் பாரத்தைக் கல்லின் மேல் சட்டத்தில் முடுக்கி வைத்துவிட்டுத்தான் போயிருந்தான். காலையில் மெஷினில் ஏற்றினால் போதும்.
>
> அவர் ரோலரை ஒருமுறை உருட்டி, தாளை வைத்துத் தட்டி, புரூப் எடுத்தார். முதலில் பெயர்கள். மணமகள் பெயர், மணமகன் பெயர், இரண்டு பக்கத்துத் தாத்தாக்கள், தாய்மாமன்கள். பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஏழு வருஷத்துக்குப் பேச்சு கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு தடவை படித்தார். பிழை இல்லை.
>
> தாளைக் காயப்போடக் கொடியில் மாட்டும்போது வாய் தானாக முணுமுணுத்தது. "நிகழும் பிரபவ வருஷம் ஆனி மாதம் 22ஆம் தேதி, 9.7.1987, திங்கட்கிழமை..."
>
> கை நின்றது. ஒன்பதாம் தேதி பேப்பர் வண்டி வரும் என்று சுவர்க் காலண்டரில் அவரே வட்டம் போட்டிருந்தார். பேப்பர் வண்டி எப்போதும் வியாழக்கிழமைதான் வரும்.
>
> பாரத்தின் மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். தேதி வரியில் எல்லா எழுத்தின் பள்ளமும் ஒரே பக்கம் பார்த்திருந்தது. முதல் ஒன்பதின் பள்ளம் மட்டும் எதிர்ப்பக்கம். பையன் ஆறைத் தலைகீழாகச் செருகிவிட்டான். இடுக்கியால் பிடுங்கி, திருப்பி வைத்தார். ஒன்பது ஆறானது. விளக்கை அணைத்தார்.

இதுதான். விடிந்ததும் அடிக்கத் தொடங்குகிறார் என்று கதை மேலே போகிறது.

---

நாள்கணக்கு எழுதியது:

சரிபார்த்துவிட்டேன். 1987 ஜூலை 6 திங்கள், ஜூலை 9 வியாழன். அந்த வருஷம் ஆனி முதல் தேதி ஜூன் 15, ஆக ஆனி 22 என்பது ஜூலை 6. கிழமை ஒரு சாட்சி, தமிழ்த் தேதி இன்னொரு சாட்சி. இரண்டும் ஆறு என்கின்றன, ஒன்று மட்டும் ஒன்பது என்கிறது. இதற்கு மேல் என்ன யோசிக்க இருக்கிறது? அவர் செய்தது சரி. கதையும் சரி.

எனக்கு ஒரே குறை. ஆறைத் திருப்பினால் அச்சு அசலாக ஒன்பது ஆகிவிடும், வித்தியாசமே தெரியாது. பள்ளத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்பது கொஞ்சம் சினிமாத்தனம்.

---

கூட்டெழுத்து எழுதியது:

ஐயோ, அட்டை முழுக்க அடித்து முடித்துவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். சரியான தேதியைச் சின்ன ஸ்டிக்கரில் அடித்து மேலே ஒட்டிவிடுங்கள். அட்டையின் நிறத்திலேயே ஸ்டிக்கர் தாள் கிடைக்கும். எங்கள் வீட்டில் மண்டபத்தின் பெயர் மாறியபோது இப்படித்தான் செய்தோம், யாரும் கவனிக்கவில்லை.

---

மேசைவிளக்கு எழுதியது:

நன்றி. ஆனால் இது கதை. அந்தக் கல்யாணம் நடந்திருந்தால் அவர்களுக்குப் பேரன் பேத்தியே இருப்பார்கள்.

---

பழைய ஈயம் எழுதியது:

நான் எழுத்து அடுக்கும் கம்போசிட்டராக வேலை பார்த்தவன். கையில் ஸ்டிக் பிடித்ததால் இடது கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் வளைந்தே இருக்கிறது. உங்கள் கதையில் அவர் விளக்கைச் சாய்த்தது எனக்குப் பிடித்திருந்தது. நேர் மேலே வெளிச்சம் விழுந்தால் ஈயம் பளபளக்கும், ஒன்றும் தெரியாது. சாய்த்தால்தான் நிழல் விழும். வேடிக்கை பார்த்தவர் நன்றாகவே பார்த்திருக்கிறீர்கள்.

முதலில் நாள்கணக்கு சொன்னதற்குப் பதில். திருப்பிய ஆறு அச்சு அசலான ஒன்பது இல்லை. எழுத்தின் முகம் அதன் உடம்பில் நட்டநடுவில் உட்கார்ந்திருக்காது. தமிழில் கு, மு போன்ற எழுத்துகளுக்குக் கீழே இறங்க இடம் வேண்டும், அதனால் உடம்பின் அடியில் கூடுதலாக வெற்றிடம் விட்டுத்தான் வார்ப்பார்கள். எண்களும் அதே கணக்கில் கொஞ்சம் மேலே உட்கார்ந்திருக்கும். அதைத் திருப்பிச் செருகினால் அடியில் இருந்த வெற்றிடம் தலைக்குப் போய்விடும், எண் வரியை விட்டுக் கீழே இறங்கி விழும். ஒரு முடி அளவுதான். ஆனால் இந்த வரியில் பக்கத்திலேயே 1987 இருக்கிறதே, அதில் ஒரு நேரான ஒன்பது இருக்கிறது. இரண்டு ஒன்பதையும் மாறி மாறிப் பார்த்தால் ஒன்று படியில் நிற்பதும் ஒன்று படியிறங்கி நிற்பதும் தெரியும். புரூப்பிலேயே அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். (நடுவில் உட்கார்ந்த எண்களை வார்த்த எழுத்துச் சாலைகளும் உண்டு, அப்போது தெரியாது.)

பள்ளம் சினிமாத்தனம் இல்லை. எழுத்தின் உடம்பில் ஒரு பக்கமாக வெட்டியிருக்கும் அதை நிக்கு என்போம். எழுத்து அடுக்கும்போது கண்ணே தேவையில்லை, கட்டைவிரல் நிக்கைத் தடவிக்கொண்டே போகும். அச்சில் 6-ம் 9-ம் கண்ணை ஏமாற்றும், நிக்கு ஏமாற்றாது.

ஆனால் உங்கள் ஆள் அவசரப்பட்டுவிட்டார். நிக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் பையன் தெரியாமல் திருப்பிவிட்டான் என்று எப்படி முடிவு கட்டினார்? தெரிந்தே திருப்பியிருக்கலாம் இல்லையா?

1987 என்றால் எல்லாத் தேதியிலும் ஒரு ஒன்பது கட்டாயம். முகூர்த்த சீசனில் நாலு பத்திரிகை ஒரே நேரத்தில் பாரமாக நிற்கும். எழுத்துப் பெட்டியான கேஸில் முதலில் தீர்ந்துபோகிற எண் ஒன்பதுதான். தீர்ந்தால் என்ன செய்வோம்? ஆறை எடுத்துத் திருப்பிச் செருகுவோம். சின்ன அச்சகத்தில் இது தினசரி நடப்பு. ஆக, திரும்பிய நிக்கு இரண்டு கதை சொல்லும். ஒன்று, ஆறு வைக்கப் போய் கை தவறிவிட்டது. இன்னொன்று, ஒன்பதுதான் வைக்க நினைத்தான், கையில் ஒன்பது இல்லை. இரண்டும் நேர் எதிர்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. காப்பி எங்கே? வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த தாளை ஆணியில் குத்தி வைத்திருப்போம். புரூப் பார்ப்பது என்றாலே காப்பியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். உங்கள் ஆள் அதைத் தொடவே இல்லை.

---

நாள்கணக்கு எழுதியது:

இறங்கி நிற்கும் விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிக்கு எப்படித் திரும்பியிருந்தால் என்ன? கிழமையும் தமிழ்த் தேதியும் போதாதா? மூன்றில் இரண்டு.

---

நாலு கலர் எழுதியது:

போதாது சார். நான் இப்போது கம்ப்யூட்டரில் டிசைன் செய்து ஆஃப்செட்டுக்கு அனுப்புகிறவன். என் அனுபவம் நேர் தலைகீழ்.

நாங்கள் யாரும் புது ஃபைல் திறப்பதில்லை. பழைய பத்திரிகையைக் கோரல் டிராவில் திறந்து அதன் மேலேயே பெயரை மாற்றுவோம். போன வருஷம் ஒரு வேலை. தேதி 16.6.2025 என்று சரியாகப் போட்டுவிட்டேன், கிழமை மட்டும் பழைய ஃபைலில் இருந்த ஞாயிறு அப்படியே நின்றுவிட்டது. அது திங்கட்கிழமை. வரவேற்பு வரியிலும் அதே பழைய ஞாயிறு. அப்போது நீங்கள் சொல்கிற ஓட்டெடுப்பு வைத்திருந்தால் ஞாயிறுக்கு இரண்டு ஓட்டு விழுந்திருக்கும், நான் சரியான தேதியைப் பிடுங்கித் தப்பாக்கியிருப்பேன்.

வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் புரூப் பார்த்து "ஓகே" என்று கட்டைவிரல் போட்டிருந்தார். பிளேட் போட்டபின் மெஷின்காரர்தான் கேட்டார், "இது ஞாயிறா?" என்று. பிளேட் செலவு என் தலையில்.

---

பழைய ஈயம் எழுதியது:

அதேதான். எங்களிடமும் அது உண்டு. ஒரு பத்திரிகை அடித்து முடித்ததும் எல்லா எழுத்தையும் பிரித்துக் கேஸில் போடமாட்டோம். "நிகழும்" என்று தொடங்கி "திங்கட்கிழமை" வரை போகிற வரிகள் எல்லாப் பத்திரிகைக்கும் பொது. நூல் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த பத்திரிகைக்குப் பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றுவோம். அதில் கிழமை மாறாமல் தங்கிவிடுவது நடக்கும்.

நாள்கணக்கு, உங்கள் இரண்டு சாட்சியும் தனித்தனிச் சாட்சி இல்லை. வீட்டில் ஒருத்தர் காலண்டரில் ஒரு தாளைப் பார்த்து தமிழ்த் தேதி, கிழமை இரண்டையும் எழுதுவார். அவர் பார்த்த தாளே தப்பு என்றால் இரண்டும் சேர்ந்தே தப்பாகும். முரண்பாடு இருந்தால் பிழை இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். எது பிழை என்று அது சொல்லாது.

---

மேசைவிளக்கு எழுதியது:

இதெல்லாம் தெரியாமல் எழுதிவிட்டேன். சரி, அப்படியென்றால் அந்த இரவில், பையனை எழுப்பாமல், பாரத்தை மட்டும் பார்த்து, அவன் நினைத்தது ஆறா ஒன்பதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லையா? கேஸில் ஒன்பது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தால்?

---

நாலு கலர் எழுதியது:

மிச்சம் இருந்தால் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை, ஆக அது கை தவறியது. சரியாகத்தானே இருக்கிறது?

---

பழைய ஈயம் எழுதியது:

இல்லை. பையன் காலையில் அடுக்கியிருப்பான். மத்தியானம் வேறு ஒரு பாரத்தைப் பிரித்து எழுத்தைக் கேஸில் போட்டிருப்பான். ராத்திரி இருக்கிற ஒன்பது காலையில் இருந்ததா என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் மேசைவிளக்கின் கேள்வி நல்ல கேள்வி. ராத்திரி டீ குடித்துக்கொண்டு யோசித்தேன். வழி இருக்கிறது. கேஸில் தேடக்கூடாது, பாரத்திலேயே தேட வேண்டும்.

அடுக்குகிறவன் மேலிருந்து கீழே, வரி வரியாகப் போவான். போகப் போகக் கேஸில் எழுத்து குறையுமே தவிர அதிகமாகாது. ஆகவே தேதிக்குப் பிறகு அடுக்கிய இடத்தில் ஒரு நேரான ஒன்பது இருந்தால், தேதி அடுக்கின நிமிஷத்தில் கேஸில் ஒன்பது இருந்தது என்று அர்த்தம். நேரான ஒன்பதைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் ஆறைத் திருப்பமாட்டான்.

தேதிக்குப் பிறகு எங்கே ஒன்பது வரும்? அதே வரியில் 1987 வருகிறது. ஆனால் அதை நம்பாதீர்கள். வருஷம் முழுக்க எல்லாவற்றிலும் வருகிற எண் என்பதால் 1987-ஐச் சேர்த்தே நூல் கட்டி நாலைந்து வைத்திருப்போம், அப்படியே தூக்கிச் செருகுவோம். அது அன்றைக்கு அடுக்கியது என்று சொல்ல முடியாது. அதற்குக் கீழே நேரம் வருமே, அந்த வரியைப் பாருங்கள். உங்கள் கதையில் முகூர்த்த நேரம் என்ன?

---

மேசைவிளக்கு எழுதியது:

எனக்கே சிலிர்த்துவிட்டது. கதையில் மேலே ஒரு இடத்தில் எழுதியிருக்கிறேன்: "காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்."

---

பழைய ஈயம் எழுதியது:

அப்புறம் என்ன. அந்த ஒன்பதின் நிக்கு மற்ற எழுத்துகளோடு ஒரே வரிசையில் இருந்தால் பையன் நினைத்தது ஆறு. அதுவும் திரும்பியிருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் எண் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். தேதியைப் பெரிய எழுத்திலும் நேரத்தைச் சின்ன எழுத்திலும் அடுக்கியிருந்தால் அவை வேறு வேறு கேஸ், இந்தக் கணக்கு செல்லாது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். இது பையன் என்ன நினைத்தான் என்றுதான் சொல்லும். கல்யாணம் என்றைக்கு என்று சொல்லாது.

---

நாள்கணக்கு எழுதியது:

பையன் ஆறு என்று நினைத்தான், கிழமை ஆறு என்கிறது, ஆனி 22-ம் ஆறு என்கிறது. இப்போதாவது திருப்பி வைக்கலாமா, கூடாதா?

---

பழைய ஈயம் எழுதியது:

திருப்பி வைக்கலாம். அடிக்கக் கூடாது. திருப்புவது ஒரு வேலையே இல்லை. பாரத்தை இறுக்கும் ஆப்பைத் தளர்த்து, இடுக்கியால் எடு, சரியாக வை, தட்டுக்கட்டையால் தட்டி மட்டம் பண்ணு, மறுபடி இறுக்கு. ஐந்து நிமிஷம். (உங்கள் ஆள் முடுக்கின பாரத்திலிருந்து அப்படியே பிடுங்குகிறார். ஆப்பு இறுகியிருக்கும்போது எழுத்து அசையாது. இடுக்கி வழுக்கி எழுத்தின் முகம்தான் சிராயும். நிக்கும் அப்போது தெரியாது, ஆப்பைத் தளர்த்தி வரியை விலக்கினால்தான் தெரியும். அதை மாற்றுங்கள்.) ஆனால் எண்ணை மாற்றினபின் புதுப் புரூப் எடுத்து வீட்டுக்காரர் கையெழுத்து வாங்காமல் மெஷின் ஓடக்கூடாது.

---

நாலு கலர் எழுதியது:

கையெழுத்து வாங்கினாலும் அவர்கள் தேதியைப் பார்ப்பதில்லையே. பெயரைப் பார்ப்பார்கள், பெரியவர்கள் வரிசை பார்ப்பார்கள், சாமி படம் பார்ப்பார்கள். தேதி அவர்கள் மனதிலேயே இருக்கிறது, அதனால் தாளில் என்ன இருந்தாலும் மனதில் இருப்பதைத்தான் படிப்பார்கள். இப்போதெல்லாம் நான் புரூப் அனுப்பும்போது தேதி, கிழமை, நேரம் மூன்றையும் காலியாக விட்டு அனுப்புகிறேன். "இதை நீங்களே டைப் செய்து அனுப்புங்கள்" என்று கேட்பேன். எரிச்சல்படுகிறார்கள், ஆனால் எழுதும்போது கவனமாக எழுதுகிறார்கள்.

---

நாள்கணக்கு எழுதியது:

கதையைக் கெடுக்கிறீர்கள் எல்லாரும். இருட்டில் ஒரு மனிதன் தனியாக ஒரு எண்ணைத் திருப்புகிறான், யாருக்கும் தெரியாது, கல்யாணம் நடக்கிறது. அதுதான் கதை. இப்போது அவரைக் கையெழுத்து வாங்க அனுப்பினால் அரசாங்க அலுவலகம் மாதிரி ஆகிவிடும்.

---

பழைய ஈயம் எழுதியது:

யாருக்கும் தெரியாமல் எண்ணைத் திருப்பின ஒருத்தரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர் திருப்பியது தப்பாகப் போனது. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

---

மேசைவிளக்கு எழுதியது:

இரண்டு நாளாக மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். காப்பியைக் கொண்டுவந்துவிட்டேன், ஆனால் அதில் விடை இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். அதனால் இப்படிச் செய்தேன்:

> ஆணியிலிருந்து காப்பியை உருவினார். நோட்டுத் தாள், பென்சில் எழுத்து. "ஆனி 22 திங்கள்" என்று மட்டும் இருந்தது. இங்கிலீஷ் தேதியை அவர்கள் எழுதவே இல்லை. பையன்தான் காலண்டரைப் பார்த்துப் போட்டிருக்கிறான்.
>
> மறுபடி பாரத்துக்கு வந்தார். ஆப்பைத் தளர்த்தி, வரிகளை விலக்கிப் பார்த்தார். தேதி வரியில் முதல் ஒன்பதின் நிக்கு எதிர்ப்பக்கம். தெரிந்தே திருப்பினானா? விரலை இரண்டு வரி கீழே இறக்கினார். "காலை 9 மணிக்கு மேல்." அந்த ஒன்பதின் நிக்கு மற்றவற்றோடு நேராக ஓடியது. ஒன்பது இருந்திருக்கிறது. அப்படியென்றால் இது கை தவறியதுதான்.
>
> ஆறை எடுத்துத் திருப்பி வைத்தார். தட்டினார், இறுக்கினார். புதுப் புரூப் எடுத்து, தேதியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்தார்.
>
> விடிவதற்கு முன் சைக்கிளை எடுத்தார். பெண்ணின் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மேலிருந்து கீழே படித்தார். "எங்கள் அண்ணன் பெயர் முன்னால் வந்திருக்கிறதா... வந்திருக்கிறது. சரிதான், அடித்துவிடுங்கள்."
>
> அவர் தாளைத் திரும்ப வாங்கவில்லை. "தேதியை வாய்விட்டுப் படியுங்கள்" என்றார்.
>
> "ஆனி இருபத்திரண்டு..."
>
> "அதற்கு அடுத்தது."

இதற்குப் பிறகு அவர் என்ன படிக்கிறார் என்று எழுதாமல் விடலாமா என்று யோசிக்கிறேன்.

---

நாள்கணக்கு எழுதியது:

முதல் வடிவம்தான் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் "வாய்விட்டுப் படியுங்கள்" நன்றாக இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

---

கூட்டெழுத்து எழுதியது:

கதை என்று இப்போதுதான் புரிந்தது. மன்னிக்கவும். ஆனாலும் ஸ்டிக்கர் யோசனை நல்ல யோசனைதான்.

---

பழைய ஈயம் எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று. ஆப்பை இறுக்கினபின் பாரத்தின் ஒரு முனையை லேசாகத் தூக்கி, அடியிலிருந்து ஏதாவது எழுத்து நழுவுகிறதா என்று பார்த்தாரா? அதை நீங்கள் எழுதவில்லை.